லேத் பட்டறைக்காரர் வைத்த பருப்பு

கேள்வி: வண்டியில் இருந்து விழுந்து என் மனைவிக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வார்டில் இருக்கிறார். வீட்டுக்கு வர இன்னும் நாளாகும் என்கிறார்கள். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. இதுவரை அடுப்படிப் பக்கம் போனதே இல்லை. முதல் வாரம் ஹோட்டல் பார்சலில் ஓடியது. பையன் வயிறு வலிக்கிறது என்கிறான், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான். நானே சாம்பார் வைக்கலாம் என்று இறங்கினால் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. சோறு ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் விறைக்கிறது. அம்மாவுக்கு எழுபதுக்கு மேல், அவர்களால் நின்று சமைக்க முடியாது. எதிலிருந்து ஆரம்பிப்பது? மருத்துவமனைக்கும் சாப்பாடு கொண்டுபோகலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: சாம்பாரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். புதிதாகக் கற்கிற ஆளுக்கு அது நாலு வேலை. பருப்பு வேக வேண்டும், காய் குழையாமல் வேக வேண்டும், புளியின் பச்சை வாசம் போக வேண்டும், பொடியும் உப்பும் கணக்காக விழ வேண்டும். எங்கே பிசகியது என்றே உங்களுக்குத் தெரியாது. சோறும் பருப்பும் மட்டும் தவறாமல் வரும்படி முதலில் பழகிக்கொள்ளுங்கள். குழந்தைகள் பசியாற அது போதும். மற்றதெல்லாம் அதன் பக்கத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்காரும்.

நான் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக வேலை பார்த்தவள். அப்போது பார்த்த ஒருவரின் கதையை, அவர் சம்மதத்தோடு, ஊர் தவிர மற்ற அடையாளங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர் வீட்டு அடுப்பிலேயே விடை இருக்கிறது.

அவர் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். மனைவிக்கு மூன்றாவது பிரசவம், ஏழாம் மாதத்திலேயே ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. குழந்தை பிறக்கும் வரை வார்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் எட்டு வயது மகளும் நாலு வயது மகனும். வார்டு தட்டில் வைத்த சோறு அப்படியே திரும்பி வருகிறதே என்று அந்தப் பெண்ணிடம் கேட்கப் போனேன். "புள்ளைங்க என்னத்தைத் தின்னுச்சோ தெரியலீங்க, எனக்கு எப்படிங்க எறங்கும்?" என்றார். பக்கத்தில் தூக்குப்போசியோடு நின்ற கணவர் தலையைக் குனிந்துகொண்டார். போசியில் இருந்தது பேக்கரி பன்.

அன்று சாயங்காலமே அவர் குக்கரை எடுத்துவிட்டார். கீழ்ப் பாத்திரத்தில் பருப்பு, மேலே அரிசி என்று மனைவி சொன்னபடியே அடுக்கினார். இரண்டிலும் தண்ணீர் ஊற்றினார். குக்கரின் அடியில் மட்டும் ஊற்றவில்லை. பாத்திரத்துக்குள்தான் தண்ணீர் இருக்கிறதே, வெளியே எதற்கு என்று நினைத்திருக்கிறார். விசில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அலுமினியம் கருகுகிற வாடை வந்தது, பிறகு மூடியில் 'டப்' என்று ஒரு சத்தம். சேஃப்டி வால்வு போய்விட்டது. பிள்ளைகள் இரண்டும் வாசலுக்கு ஓடிவிட்டன.

வேறு யாராவது என்றால் அதோடு குக்கரைப் பரணில் ஏற்றியிருப்பார்கள். இவர் தொழில்காரர். ஆறவைத்து, மூடியைத் திருப்பி, வால்வைக் கழற்றி உற்றுப் பார்த்தார். நடுவில் இருந்த சின்ன உலோகக் குமிழ் உருகி ஓட்டையாகியிருந்தது. அதற்காகவே வைத்தது அது. குக்கர் வறண்டு சூடு எல்லை மீறும்போது குமிழ் உருகி ஆவியை வெளியே விட்டுவிடும், குக்கர் வெடிக்காது. அடியில் இருக்கும் தண்ணீர்தான் ஆவியாகி மேலே இருக்கிற இரண்டு பாத்திரத்தையும் வேகவைக்கிறது என்பது அந்த ஓட்டையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. மறுநாள் அதே கம்பெனி வால்வு வாங்கி மாட்டினார். உள்ளூரில் கிடைக்கிற ஏதோ ஒன்றை மாட்டாதீர்கள், இந்த விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

அதற்குப் பிறகு அவர் கடைப்பிடித்த முறையை அப்படியே தருகிறேன். ஐந்து லிட்டர் குக்கர். அடியில் ஒன்றரை டம்ளர் தண்ணீர். டம்ளர் என்றால் 200 மில்லி பிடிக்கிற எவர்சில்வர் டம்ளர், வீட்டில் எல்லா அளவுக்கும் அந்த ஒன்றுதான். கீழ்ப் பாத்திரத்தில் கால் டம்ளர் துவரம்பருப்பு, அதற்கு முக்கால் டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், நாலு சொட்டு நல்லெண்ணெய். எண்ணெய் விட்டால் பருப்பு நுரைத்துப் பொங்கி ஆவித் துவாரத்தை அடைக்காது. மேல் பாத்திரத்தில் ஒரு டம்ளர் புழுங்கலரிசி, இரண்டரை டம்ளர் தண்ணீர். அரிசியும் பருப்பும் அடுப்பேறுமுன் அரை மணி நேரம் தனித்தனியாக ஊறியிருக்க வேண்டும். இது ஒரு ஆளும் இரண்டு பிள்ளைகளும் ஒரு வேளை சாப்பிடுகிற அளவு. பாட்டிக்கும் சேர்த்து என்றால் அரிசியை ஒன்றே கால் ஆக்கிக்கொள்ளுங்கள், தண்ணீரும் அதே கணக்கில் கூடும்.

மூடியைப் போட்டதும் வெயிட்டைப் போட்டுவிடக் கூடாது. துவாரத்தில் இருந்து ஆவி நேராக, விடாமல் மேலே எழும்ப வேண்டும். துவாரம் அடைபடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அப்புறம் வெயிட். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பதினைந்து நிமிடம். "எத்தனை விசில்?" என்று எல்லாரும் கேட்பார்கள். விசில் தீயைப் பொறுத்தது, வெயிட்டைப் பொறுத்தது. ஒரு வீட்டில் நாலு விசில் வருகிற நேரத்தில் இன்னொரு வீட்டில் ஏழு வரும். லேத்காரர் விசில் கணக்கைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். அணைத்த பிறகு பத்து நிமிடமாவது தொடாமல் விட்டார். வெயிட்டை லேசாகத் தூக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வந்தால் இன்னும் திறக்கும் நேரமில்லை. மூடியின் ஓரத்தில் ஆவி கசிந்து நீர் சொட்டினால் கேஸ்கட்டைப் பாருங்கள். பாதி நேரம் அதில் ஒரு சோற்றுப் பருக்கைதான் ஒட்டியிருக்கும்.

இந்த முறை படியுமுன், முதல் தடவை சோறு வந்துவிட்டது. பருப்பு வரவில்லை. பதினைந்து நிமிடம் ஆகியும் மேலே தண்ணீர், அடியில் தனித்தனியாகப் பருப்பு. உங்கள் வீட்டில் நடந்ததேதான். பார்வையாளர் நேரம் முடிந்திருந்ததால் மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, தக்காளியும் புளியும் எப்பப் போட்டீங்க?"

"எல்லாம் ஒண்ணாத்தான் போட்டேன். எப்படியும் ஒண்ணாத்தானே சேரப்போகுது?"

"தண்ணி?"

"போர் தண்ணி."

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம். வார்டில் அவர் சிரித்து நர்ஸுகள் அன்றுதான் கேட்டார்களாம்.

புளிப்பு பட்டால் பருப்பு இளகாது, இறுகும். புளி, தக்காளி, மாங்காய் எல்லாம் பருப்பு மலர்ந்த பிறகுதான் சேர வேண்டும். உப்புத் தண்ணீரும் அப்படித்தான். போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து பருப்பை வேகவிடாது. கோயம்புத்தூரில் குடிக்கச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. பருப்புக்கும் அதையே எடுக்கச் சொன்னார் மனைவி. நீங்கள் குடிதண்ணீரையோ கேன் தண்ணீரையோ எடுங்கள், முக்கால் டம்ளர்தானே. இவ்வளவு செய்தும் வேகவில்லை என்றால் பருப்பு பழசு. வருடக்கணக்கில் டப்பாவின் அடியில் கிடந்த பருப்பை எத்தனை நேரம் வைத்தாலும் அது அசையாது, புதிதாகக் கால் கிலோ வாங்கிவிடுங்கள்.

வெந்ததா என்று பார்க்க ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு இல்லாமல் மாவாக வழிய வேண்டும். பொட்டு தெரிந்தால் கொஞ்சம் கொதிநீர் விட்டு இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள், பச்சைத் தண்ணீர் விடாதீர்கள்.

உங்கள் சோறு தினம் ஒரு மாதிரி ஆவதற்கு வேறு காரணம் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். வீட்டில் இரண்டு மூன்று அரிசி இருக்கிறதா பாருங்கள். ரேஷனில் பச்சரிசியும் புழுங்கலும் கொடுக்கிறார்கள், இட்லிக்கென்று தனியாக ஒன்று இருக்கும். பச்சரிசி சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். புழுங்கல் லேசாக மஞ்சள் ஓடி, கண்ணாடித்தன்மையோடு இருக்கும். இட்லி அரிசி குட்டையாகக் குண்டாக இருக்கும். பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் போதும். அதற்கு இரண்டரை ஊற்றினால் குழையும், புழுங்கலுக்கு இரண்டு ஊற்றினால் விறைக்கும். லேத்காரர் மூன்று டப்பாவிலும் பெயரும் தண்ணீர்க் கணக்கும் எழுதி ஒட்டிவிட்டார். மனைவி வீடு திரும்பியதும் முதல் வேலையாக அதைக் கிழித்துப் போட்டாராம், அது தனிக் கதை.

வெந்த பருப்பை மகன் தொடவில்லை. "இது அம்மா பருப்பு இல்ல" என்று தட்டைத் தள்ளிவிட்டான். அப்பா உப்புப் பார்த்தார், சரியாக இருந்தது. மகள்தான் சொன்னாள்: "அம்மா பூண்டு தட்டிப் போடுவாங்கப்பா. அப்புறம் கரண்டியால மசிப்பாங்க." பெரியவர்கள் நமக்கு ருசி உப்பிலும் காரத்திலும். நாலு வயதுக்குப் பாதி ருசி பதத்தில் இருக்கிறது. நாக்கில் தனியாகத் தட்டுப்படுகிற எதையும் துப்பிவிடும். உங்கள் மகளிடம் கேளுங்கள். அம்மா எதை எப்போது போடுவார், எதைக் கடைசியில் கிள்ளிப் போடுவார் என்று ஒன்பது வயதுப் பிள்ளை பார்த்திருக்கும். கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன், அவளைச் சமைக்க வைக்காதீர்கள். பெண் குழந்தை இருக்கிறாளே என்று கரண்டி மெல்ல அவள் கைக்கு மாறுவதை இந்த மாதிரி வீடுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாளிப்புக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய் காயட்டும், அரை டீஸ்பூன் கடுகு. கடுகு முழுக்க வெடித்து அடங்கிய பிறகு அரை டீஸ்பூன் சீரகம், தட்டிய பூண்டு நாலு பல், கிள்ளாத வரமிளகாய் ஒன்று. கிள்ளினால் விதை இறங்கிப் பையனுக்குக் காரமாகிவிடும். பூண்டு பொன்னிறமானதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கறிவேப்பிலையும் பெருங்காயமும். கறிவேப்பிலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், துடைத்துவிட்டுப் போடுங்கள். இதை மசித்த பருப்பில் கொட்டி உப்புச் சேர்த்தால் முடிந்தது. அன்று மகன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான். அப்பா அதைத் தட்டோடு போட்டோ எடுத்து வார்டுக்கு அனுப்பினார். அந்தப் படத்தை எனக்கும் காட்டினார் அந்தப் பெண். கேசரி நிறத்தில் இருந்தது, மஞ்சள்தூள் ஏகத்துக்கு. நான் ஒன்றும் சொல்லவில்லை, வார்டுத் தட்டு அன்று காலியாக வந்தது.

அடுத்த சில நாள் அதே சோறு, அதே பருப்பு. பக்கத்தில் வைப்பதை மட்டும் மாற்றினார். ஒரு நாள் அவித்த முட்டை. தண்ணீர் கொதித்த பிறகு முட்டையை மெதுவாக இறக்கி, பத்து நிமிடம். ஒரு நாள் அப்பளம். ஒரு நாள் கேரட்டைப் பருப்போடேயே வேகவைத்து மசித்துவிட்டார், மகனுக்குக் கேரட் என்றே தெரியவில்லை. சிறுகீரையை ஆய்ந்து, நறுக்கி, வெந்த பருப்பில் போட்டு ஐந்து நிமிடம் திறந்து வேகவைத்தால் கீரைப் பருப்பு. கை பழகியதும் ரசம். நெல்லிக்காய் அளவு புளியை இரண்டு டம்ளர் வெந்நீரில் கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்து, ஒரு டீஸ்பூன் ரசப்பொடி, உப்பு சேர்த்துப் பச்சை வாசம் போகக் கொதிக்கவிட வேண்டும். பிறகு ஒரு கரண்டி பருப்புத் தண்ணீர். அதற்கப்புறம் கொதிக்கக் கூடாது, ஓரத்தில் நுரை கட்டி மேலே வரும்போதே இறக்கிவிட வேண்டும். அவர் ரசம் முதல் இரண்டு தடவை கசந்தது கொதிக்கவிட்டதால்தான். இந்த இடத்துக்கு வந்தவர் சாம்பாருக்குப் போக ஒரு எட்டுதான்.

நடுவில் ஒரு நாள் பயந்துபோய் வார்டுக்கு ஓடி வந்தார். முந்தின ராத்திரிச் சோறு மிஞ்சியிருக்கிறது. வீணாக்குவானேன் என்று காலையில் எலுமிச்சை பிழிந்து தாளித்து, இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன் பாக்ஸில் கட்டிவிட்டார். மத்தியானம் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் இரண்டும் வாந்தி. நன்றாகச் சூடாக்கித்தானே கொடுத்தேன், கெட்ட வாடைகூட வரவில்லையே என்றார். சோற்றில் அதுதான் சிக்கல். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாடையும் வராது. அந்தப் பிள்ளைகள் உப்புச் சர்க்கரைக் கரைசலிலேயே சாயங்காலம் தேறிவிட்டன. எல்லா நேரமும் அவ்வளவு லேசாகப் போகும் என்று சொல்ல முடியாது.

அதனால் டிபன் பாக்ஸ் சாதத்துக்குக் காலையில் புதிதாக வடித்த சோறு. ராத்திரி மிஞ்சுவதைத் தட்டில் பரப்பி ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் ஒரு தடவை சூடாக்கிச் சாப்பிடலாம், வீட்டில் வைத்தே. உங்கள் பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளியாக இருந்தால் இந்தப் பாரமே பாதி குறையும். ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவுத் திட்டம் இருக்கிறது, மத்தியானம் சத்துணவும் முட்டையும் உண்டு. இதுவரை வீட்டிலிருந்தே கட்டிக் கொடுத்திருந்தாலும் டீச்சரிடம் சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. காலைக்கு மாவுக்கடை மாவு வாங்கி இட்லி ஊற்றுங்கள், தோசையைவிட இட்லி உங்களுக்குச் சுலபம். தட்டில் எண்ணெய் தடவி, தண்ணீர் கொதித்த பிறகு உள்ளே வைத்துப் பத்து நிமிடம்.

மகனின் வயிற்றுக்கு வருகிறேன். ஒரு வாரம் புரோட்டாவும் பிஸ்கட்டும் என்று போனால் ஐந்து வயதுக் குடல் கட்டிக்கொள்ளும். அதோடு, அம்மா இல்லாத வீட்டில் தண்ணீர் குடி என்று சொல்ல ஆள் இருக்காது, கூட்டிப்போய் உட்காரவைக்கவும் ஆள் இருக்காது. பையன்கள் அடக்கிக்கொள்வார்கள். காலையில் சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரவையுங்கள், கால் தொங்கினால் கீழே ஒரு மணை போடுங்கள். பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில் காலியாகத் திரும்புகிறதா பாருங்கள். தினம் ஒரு கொய்யா அல்லது பூவம்பழம், வாரம் மூன்று நாளாவது கீரைப் பருப்பு. நீங்களாக மலமிளக்கி மருந்து எதுவும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். வலியோடு வாந்தி, காய்ச்சல், வயிறு உப்பல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ அன்றே குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒன்றும் இல்லாமலே ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றாலும் காட்டுங்கள்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம், ஆனால் வார்டு நர்ஸிடம் கேட்டுவிட்டு. உங்கள் மனைவிக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ சிறுநீரகத் தொந்தரவோ இருந்தால் அங்கே போட்டிருக்கும் உணவு அட்டவணைதான் முக்கியம். லேத்காரர் உப்பில்லாமல் கொண்டுபோகவா என்று கேட்டபோது, நாமாக எதையும் குறைக்க வேண்டாம், டாக்டர் என்ன எழுதியிருக்கிறாரோ அதுதான் என்றேன். உங்கள் மனைவிக்கு வேறு தடை இல்லையென்றால் எலும்பு கூடவும் ஆபரேஷன் புண் ஆறவும் புரதம் வேண்டும். அதற்கு இந்தப் பருப்பும் முட்டையும் தயிரும் நல்ல துணை. படுத்தே இருப்பவர்களுக்கும் மலச்சிக்கல் வரும், ஆகவே பையனுக்கு வைக்கிற கீரைப் பருப்பையே ஒரு கிண்ணம் கூடுதலாக வையுங்கள். தயிரைத் தனி டப்பாவில், சோற்றோடு பிசையாமல் எடுத்துப் போங்கள். காலையில் வைத்துச் சாயங்காலம் கொடுப்பதாக இருந்தால் கொண்டுபோக வேண்டாம். இறக்கிய சூட்டோடு மூடி, ஒரு மணி நேரத்துக்குள் அவர் கையில் கொடுக்க முடிந்தால் மட்டும் எடுத்துப் போங்கள். மிச்சம் வைத்தால் அதை வீட்டுக்குத் திருப்பி எடுத்து வராதீர்கள்.